பதில் கேக்காத மெசேஜ்

கேள்வி: "அக்கா, என் கூட்டாளி ஆறு மாசமா யாருகிட்டயும் பேசல. டிப்ரஷன்னு அவங்க அண்ணன் சொன்னாரு. மெசேஜ் போட்டா ப்ளூ டிக் விழுது, பதில் வரல. நான் தொல்ல பண்றேனா? விட்டுறலாமா? – உசிலம்பட்டியில இருந்து."

விட்றாத தம்பி. ஆனா நீ என்ன மெசேஜ் போட்டன்னு எழுதலையே, எனக்கு அதுதான் தெரியணும். "எப்படிறா இருக்க?"ன்னுதான் போட்டிருப்ப. நல்ல மனசோட கேட்ட கேள்விதான். ஆனா அந்த நெலமைல இருக்கவனுக்கு அதுக்கு மேல கஷ்டமான கேள்வி கெடையாது. நல்லா இருக்கேன்னா பொய். நல்லா இல்லன்னா விளக்கணும். பல்லு வெளக்கவே எந்திரிக்க முடியாதவன் எங்க போய் விளக்குவான்? அப்புறம் போடலாம்னு வைப்பான். நாளு போகப் போக அது கந்துவட்டி மாதிரி ஏறிரும். இம்புட்டு நாள் கழிச்சு என்னன்னு போடுறதுன்னு கூச்சம் வந்து ஃபோனையே குப்புறப் போட்டுருவான். "ஏதாவது வேணும்னா சொல்லு"ங்கிறதும் இந்த ரகம்தான். என்ன வேணும்னு யோசிக்கிற வேலையும் அவன் தலைலதான் விழுது.

எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர், மதுரை செல்லூர்ல ஒண்ணா வளந்த பயலுக. ஒருத்தன் இப்படி ஒதுங்கிட்டான். இன்னொருத்தன் முதல்ல மிஸ்டு கால் மேல மிஸ்டு கால். "டேய் என்னடா ஆச்சு, நான் என்னடா பண்ணேன்"னு சண்டை வேற. எங்கிட்ட வந்து புலம்புனான். கேள்விக்குறி இல்லாம எழுதுடான்னேன், அவ்ளோதான். ஒரே ஒரு தடவ, "பதில் போடணும்னு இல்லடா, நான் பாட்டுக்குப் போட்டுக்கிட்டு இருப்பேன்"னு சொல்லிட்டான். அத ஒரு தடவ சொன்னாப் போதும், ஒவ்வொரு மெசேஜுலயும் சொன்னா அதுவே நச்சரிப்பு.

அப்புறம் வாரம் ஒண்ணு. "வைகைல தண்ணி வந்துருச்சு. கல்பாலம் முழுகிருச்சு. ஏ.வி. பாலம் வழியா சுத்திப் போறேன்." சித்திரைல, "அழகர் இந்த வருசம் பச்சைப் பட்டு." அழகர் ஆத்துல எறங்குறப்ப என்ன கலரு பட்டுன்னு ஊரே கேக்குற கேள்விக்குப் பதில் அவனுக்கு வீடு தேடி வந்துருச்சு! அவன் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. மூணு மாசம் சத்தமே இல்ல. அப்புறம் ராத்திரி ஒரு மணிக்கு வந்துச்சு: "கல்பாலத்துல தண்ணி வடிஞ்சிருச்சா?" எப்பவோ போட்ட மெசேஜுக்கு! இவன் உடனே ஃபோன் அடிக்கல. "வடிஞ்சிருச்சு. இப்ப அதுலதான் போறேன்"னு போட்டுட்டுப் படுத்துட்டான். அதத்தான் நான் மெச்சுவேன். அந்த ஒத்த வரியப் பாத்து ஏழெட்டுப் பேரக் கூட்டிக்கிட்டு வாசல்ல போய் நின்னிருந்தா, பய மறுபடி உள்ள போயிருப்பான்.

இத நானா கண்டுபிடிக்கல. சான்ஃபிரான்சிஸ்கோல ஜெரோம் மோட்டோன்னு ஒரு மனநல மருத்துவர். மனச்சோர்வாலயோ தற்கொலை எண்ணத்தாலயோ ஆஸ்பத்திரில இருந்து வந்து, மேல் சிகிச்சை வேணாம்னு நின்னுட்டவங்க 843 பேர். அதுல ஒரு பாதிக்கு மட்டும் ரெண்டு மூணு வரி கடுதாசி போட்டுக்கிட்டே இருந்தாங்க. நல்லா இருப்பீங்கன்னு நம்புறோம், எழுதத் தோணுனா எழுதுங்க, அவ்ளோதான். மொதல்ல மாசம் ஒண்ணு, போகப் போக இடைவெளி கூடி மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு, அஞ்சு வருசம். முதல் ரெண்டு வருசத்துல, கடுதாசி வந்தவங்ககிட்ட தற்கொலை கொறைவா இருந்துச்சு. அதனால, உன்னால விடாம போட முடியுற அளவு போடு. மூணு நாள் அடமழையாப் பேஞ்சுட்டு மூணு மாசம் காணாமப் போறதுக்கு, மாசம் ஒண்ணு மேல்.

ஆனா நீ கேக்காத ஒண்ணு இருக்கு, அதக் கேட்டிருக்கணும்: எப்ப இந்தப் பொறுமை கூடாது? "நான் எல்லாருக்கும் பாரம்"னு பேசுறான், வண்டி, வாட்சு எல்லாம் தூக்கிக் குடுக்குறான், மன்னிச்சிருன்னு விடைபெறுற மாதிரி போடுறான், இல்ல அம்புட்டு நாள் தவிச்சவன் திடீர்னு நிம்மதியாத் தெரியிறான். அப்ப வைகைத் தண்ணிக் கதையெல்லாம் வேணாம். நேர்ல போ. "சாகணும்னு தோணுதாடா"ன்னு நேரடியாவே கேளு. கேட்டா நெனப்ப ஊட்டிருவோம்னு பயப்படுறாங்க, அப்படி ஊட்டாது. ஆமான்னா தனியா விடாத, பூச்சிமருந்து, மாத்திரையெல்லாம் அப்புறப்படுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. வழி தெரியலன்னா 14416-க்கு அடி, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க.

அவங்க அண்ணன் உங்கிட்டப் பேசுறாரு பாரு, அதுவே பெரிய விஷயம். சாப்பிடுறானா, மாத்திரை எடுக்குறானான்னு அவருகிட்டக் கேட்டுக்க. இவன்கிட்ட ஊர்க்கதை மட்டும் சொல்லு. இன்னைக்கே உசிலம்பட்டிச் சந்தைல என்ன வெலைன்னு ஒண்ணு போடு. அந்த ப்ளூ டிக்க எண்ணாத, அவன் பாக்குறான்.