“ஏதாச்சும் வேக்கன்சி இருந்தா சொல்லுங்க”

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காடு கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம் என்று வளர்ந்த கூட்டம் நாங்கள். நான் பாலிடெக்னிக் முடித்து 18 வருஷம் ஆகிறது. இப்போது அங்கே படித்து வெளியே வரும் பிள்ளைகள் யார் மூலமாவது என் நம்பரை வாங்கி, “அக்கா, பத்து நிமிஷம் பேசலாங்களா” என்று கேட்கிறார்கள். அப்படிப் பேசி முடித்த பிறகு அவர்களிடமிருந்து வரும் வாட்ஸப் செய்தியைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

பேச்சு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கேள்வி கேட்பார்கள், குறிப்பு எடுப்பார்கள். போனை வைத்து அரை மணி நேரத்தில் செய்தி வந்து விழும். “ரெஸ்பெக்டட் மேடம், உங்கள் பொன்னான நேரத்திற்கு நன்றி. ஏதாச்சும் வேக்கன்சி இருந்தா சொல்லுங்க.” கூடவே ஒரு பயோடேட்டா. அதுவரை அக்காவாக இருந்தவள் அரை மணி நேரத்தில் மேடம் ஆகிவிட்டேன்.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம் எதுவும் வராது, ஒரு சோர்வு வரும். காரணம் இதுதான். வேலைக்கு ஆள் எடுப்பது நான் இல்லை. பெர்சனல் டிபார்ட்மென்டில் போய், “ஒரு பையன் இருக்கான், ஏதாச்சும் இருக்கா” என்று நான் கேட்டால், “எந்தப் போஸ்டுக்கு? டிரெய்னியா, அப்ரண்டிஸா, கான்ட்ராக்டா? எப்போ வந்து சேருவான்?” என்று திருப்பிக் கேட்பார்கள். என்னிடம் பதில் இருக்காது. அந்தப் பையனிடம் விசாரித்து, பயோடேட்டாவைப் படித்து, எதற்குப் பொருந்துவான் என்று நான்தான் யோசிக்க வேண்டும். சரி, ஷிப்ட் முடிந்து பார்க்கலாம் என்று வைப்பேன். அப்படி வைத்தது வைத்ததுதான். நாலு நாள் கழித்துப் பூப்போட்ட “குட் மார்னிங்” படம் வரும். மறுநாளும் வரும். அது எதற்காக வருகிறது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கெஞ்சுகிற மாதிரித் தெரியக் கூடாதே என்று பிள்ளைகள் வார்த்தையைத் தேடுகிறார்கள். ‘தயவு செய்து’ என்பதை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். படிக்கிறவளுக்கு உறுத்துவது வேறு. “இல்லை தம்பி” என்று நான் சொன்னால் இவன் மனசு ஒடிந்துபோகுமே என்ற நினைப்பு. ‘இல்லை’ என்று சொல்வதற்கு இடம் விட்டு எழுதியிருந்தால் எனக்குப் பதில் போடுவது சுலபம்.

ஒரு தம்பி இதைச் சரியாகச் செய்தான். அவன் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். வேலந்தாவளம் பக்கத்துப் பையன், எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருபது நிமிஷம் பேசினோம். மெஷின்களை இயக்கும் கணினிக் கருவியான பி.எல்.சி. பற்றிய கோர்ஸுக்குக் கோயம்புத்தூரில் பணம் கட்டலாமா என்பது அவன் கேள்வி. நான் சொன்னேன், அதற்கு முன்னால் டிராயிங் படிக்கக் கற்றுக்கொள், ஒரு ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரைப் பார்க்காமல் வரைந்து, நீயே வயரிங் செய்து ஓட்டிவிட்டு அப்புறம் பணம் கட்டு என்று.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் செய்தி வந்தது.

“வணக்கம் அக்கா. நேத்து இருபது நிமிஷம் ஒதுக்கிப் பேசினதுக்கு நன்றிங்க. கோர்ஸுக்கு முன்னாடி டிராயிங்னு நீங்க சொன்னதுல எனக்கு ஒரு குழப்பம் தீந்துச்சு. மாமா மோட்டார் கடையில ஸ்டார் டெல்டா ஒண்ணை நானே போட்டுப் பாக்கறேன். முடிஞ்சதும் எப்படி வந்துச்சுன்னு சொல்றேங்க.”

அவ்வளவுதான். வேலை என்ற சொல்லே இல்லை, பயோடேட்டாவும் இல்லை. ஆனால் இதில் மூன்று காரியம் நடந்திருக்கிறது. நான் பேசியதில் ஒன்றை எடுத்துச் சொல்லி நன்றி சொல்கிறான். அதனால் இது பத்துப் பேருக்கு அனுப்பிய நன்றி இல்லை என்று தெரிகிறது. அதை வைத்து என்ன செய்யப் போகிறான் என்று சொல்கிறான். மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனம். “முடிஞ்சதும் சொல்றேன்” என்று அடுத்த செய்திக்கு இப்போதே வழி போட்டுக்கொண்டான். அடுத்த தடவை அவன் எழுதும்போது, எதற்கு மறுபடி எழுதுகிறான் என்று எனக்குத் தோன்றாது. நன்றிச் செய்தியை அன்றைக்கே அல்லது மறுநாளே அனுப்பிவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப் போட்டால், வேலை கேட்பதற்காக நன்றியை ஞாபகம் வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

16 நாள் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு வந்தது இது.

“அக்கா, ஸ்டார் டெல்டா ஓட்டிட்டேங்க. முதல் தடவை ஸ்டார்ல சுத்துச்சு, டைமர் மாறினதும் டெல்டா கான்டாக்டர் இழுக்கவே இல்லை, மோட்டார் அப்படியே அடங்கிருச்சு. அரை நாள் தேடினேன். ஸ்டார் கான்டாக்டரோட என்.சி. கான்டாக்ட்ல இருந்து டெல்டா காயிலுக்குப் போக வேண்டிய வயரை என்.ஓ.ல மாட்டியிருந்தேன்.”

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் என்பது மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் மெதுவாகக் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுகிற அமைப்பு. அப்படி மாற்றிவிடும் மின் சுவிட்ச்தான் கான்டாக்டர். அது இழுக்காதபோது சேர்ந்திருக்கும் முனை என்.சி., விலகியிருக்கும் முனை என்.ஓ. ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் ஸ்டார் விடுபட்ட பிறகுதான் டெல்டாவுக்கு மின்சாரம் போகிற மாதிரி ஒரு பூட்டுப் போடுவோம். அதை இண்டர்லாக் என்பார்கள். அந்தப் பூட்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, தானே கண்டுபிடித்திருக்கிறான். ‘நான் கடின உழைப்பாளி’ என்று பயோடேட்டாவில் எழுதியதைப் படித்து யாரும் யாரையும் நம்பியதில்லை. இந்த அரை நாள் தேடலைப் படித்ததும் நான் நம்பினேன். இவனைப் பற்றி இன்னொருவரிடம் சொல்ல என் கையில் ஒரு விஷயம் வந்துவிட்டது.

அதே செய்தியின் கீழ்ப்பாதியில்தான் கேட்டான்.

“ஒண்ணு கேக்கணுங்க. உங்க கம்பெனியில டிப்ளமோ ஆளுகளை அப்ரண்டிஸா எடுக்கறது வழக்கமா எந்த மாசம், நேரடியா எடுப்பாங்களா கான்ட்ராக்டர் மூலமாவாங்களா? தெரிஞ்சா சொல்லுங்க. இப்ப ஒண்ணும் இல்லைன்னாலும் பரவால்லீங்க, வேற ரெண்டு மூணு இடத்துலயும் போட்டுட்டுத்தான் இருக்கேன். அப்படி ஏதாவது வந்தா நானே அப்ளை பண்ணட்டுங்களா, இல்லை முதல்ல உங்ககிட்ட சொல்லணுங்களா?”

“எனக்கு வேலை இருக்கா” என்று கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது. “எந்த மாதம், யார் வழியாக” என்றால் தெரியும். மெஷினிலிருந்து கண்ணை எடுத்து ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம். அவனுக்கும் அதுதான் உபயோகம். கான்ட்ராக்டர் வழி என்றால் பார்க்க வேண்டிய ஆள் வேறு. ‘நாட்ஸ்’ என்ற மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டத்தின் வழி என்றால் முதலில் அந்தத் தளத்தில் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். அது வழக்கமாக ஒரு வருஷப் பயிற்சி. முடித்ததும் கம்பெனி வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு உள்ளே வருவது நல்லது.

கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. கேட்காமல் காரியத்தைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய கம்பெனிகள் பலவற்றில் ரெபரல் என்று ஒரு ஏற்பாடு உண்டு. உள்ளே வேலை செய்கிறவர், தனக்குத் தெரிந்த ஒருவரின் பெயரைக் கம்பெனியின் கணினியில் ஏற்றுவார். ஆனால் அந்த ஆள் ஏற்கெனவே தானாகவே இணையத்தில் விண்ணப்பித்திருந்தால், பல இடங்களில் ரெபரலை ஏற்காது, “இவர் முன்பே பதிவில் இருக்கிறார்” என்று தள்ளிவிடும். ஆர்வத்தில் ராத்திரியோடு ராத்திரியாக விண்ணப்பித்துவிட்டு, மறுநாள் வந்து ரெபர் செய்யச் சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. சில இடங்களில் இது நேர்மாறு. முதலில் விண்ணப்பித்து, அந்த விண்ணப்ப எண்ணைத்தான் எங்களிடம் தர வேண்டும். அதனால்தான் கேட்டுவிட்டு அப்புறம் போட வேண்டும். காலியிடம் வந்துவிட்டது என்று தெரிந்தால், அந்த விளம்பரத்தில் உள்ள ஜாப் ஐ.டி. எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாமல் ரெபரல் பக்கமே திறக்காத கம்பெனிகள் உண்டு.

நம் எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கடமும் இருக்கிறது. பேசியவர் மலையாளி என்றால் எந்த மொழியில் எழுதுவது? பேசிய மொழியிலேயே எழுதுங்கள். போனில் ‘சேச்சி’ என்று கூப்பிட்டிருந்தால் செய்தியிலும் சேச்சிதான். தமிழும் மலையாளமும் கலந்து பேசியிருந்தால் கலந்தே எழுதலாம், பாலக்காட்டில் யாரும் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். யாரோ எழுதிக் கொடுத்த இங்கிலீஷை ஒட்டி அனுப்பினால்தான் ஆள் மாறிப்போன மாதிரி இருக்கும்.

பதிலே வரவில்லை என்றால் பத்துப் பன்னிரண்டு நாள் விட்டு ஒரே ஒரு தடவை, இரண்டு வரியில் ஞாபகப்படுத்தலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எங்கள் ஆலையில் வருஷாந்திரப் பராமரிப்புக்கு மூடும் நாட்களில் நான் சாப்பாட்டையே மறந்திருப்பேன், செய்தியை எங்கே பார்ப்பது? ஓணத்துக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புங்கள், சந்தோஷம். அந்த வாழ்த்தின் வாலில் பயோடேட்டாவைக் கட்டாதீர்கள்.

அந்தத் தம்பிக்கு நான் என்ன பதில் போட்டேன் என்று கேட்பீர்கள். “இந்த வருஷம் எங்ககிட்ட எடுத்து முடிச்சாச்சு, அடுத்தது ஆறு மாசம் ஆகும்” என்று எழுதினேன். இவ்வளவு அழகாகக் கேட்டும் ‘இல்லை’தான். ஆனால் இல்லை என்று சொல்ல எனக்குக் கஷ்டமாகவும் இல்லை, அதோடு நிறுத்த மனசும் வரவில்லை. குறிச்சியில் பேனல் போர்டு செய்கிற ஒருவரைத் தெரியும், என் பெயரைச் சொல்லிப் பேசு என்று நம்பர் கொடுத்தேன். “சரிங்க அக்கா, நன்றிங்க. பேசிட்டு என்னாச்சுன்னு சொல்றேன்” என்று எழுதினான். அந்த ஆளிடம் பேசிய அன்றைக்கே சொல்லவும் செய்தான். வேலை கிடைத்த பிறகு வழி காட்டியவர்களிடம் சொல்லாமலே போய்விடுகிறவர்கள் நிறைய. நானும் ஒரு காலத்தில் ஒரு சீனியரிடம் அப்படித்தான் இருந்தேன், வேலையில் சேர்ந்ததை ஒரு வருஷம் கழித்து அவர் வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இவன் குறிச்சியில் வேலைக்குச் சேர்ந்த நாலாவது நாள் ராத்திரி ஒரு போட்டோ அனுப்பினான். திறந்து கிடக்கிற ஒரு பேனல், உள்ளே மூன்று கான்டாக்டர். கீழே ஒரே வரி. “அக்கா, இதுலயும் யாரோ என்.சி.யை என்.ஓ.ல மாட்டியிருக்காங்க.”

வணக்கம்.