வெயிலில் ஒழுகிய மாடி

வணக்கம், நேயர்களே. எட்டு நிமிடம்தான் என்று நிலையத்துத் தம்பி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நான் முப்பது ஆண்டுக்கு மேல் கட்டட வேலையில் இருந்தவன். தளத்துக்குத் தளம் கத்திப் பழகிய தொண்டை. சத்தம் அதிகமாக இருந்தால் வானொலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பூச்செடி வாங்கும் கடையில் மண்ணோடு வெள்ளை வெள்ளையாகக் கலந்திருக்குமே, கையில் எடுத்தால் எடையே தெரியாத குருணை, அதன் பெயர் பெர்லைட். ஆர்கிட் தொட்டியில் பழுப்பு நிறத்தில் கோலிக்குண்டு போலக் கிடப்பது சுட்ட களிமண் உருண்டை. இந்த இரண்டும், வெர்மிகுலைட் என்ற இன்னொன்றும், கட்டடத்தில் தரைக்குள்ளும் மொட்டைமாடி மேலும் நிரப்பப் பயன்படுகின்றன. கனம் குறையும், வெப்பமும் குறையும்.

பெர்லைட் எப்படி உண்டாகிறது என்று கேட்டால், நம் பாட்டிமார் பொரி பொரித்ததை நினைத்துக்கொள்ளுங்கள். சுடுமணலில் அரிசியைப் போட்டதும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி அரிசியை ஊத வைக்கிறது. பெர்லைட் எரிமலைக் கண்ணாடிப் பாறை. அதற்குள் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரை நீர் அடைபட்டிருக்கிறது. ஏறக்குறைய 900 டிகிரியில் பாறை இளகும், நீர் ஆவியாகும், குருணை பல மடங்கு ஊதிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் காற்று. வெப்பத்தைத் தடுப்பது பாறை அல்ல, அந்தக் காற்றுதான். இதை மட்டும் நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

லயத்து வீட்டில் வளர்ந்தவன் நான். தகரக் கூரை. பாட்டி பொரியைப் பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியை அழுத்தி, மேலே ஒரு செங்கல்லும் வைப்பார். ஒருமுறை நான் திருட்டுத்தனமாக அள்ளிவிட்டு மூடியைச் சரியாகப் போடவில்லை. சாயங்காலம் மழை. மறுநாள் டின் முழுவதும் நமத்துப்போய்விட்டது. அடி வாங்கியது எனக்கு. ஆனால் நமத்த பொரியைப் பாட்டி வெயிலில் ஒரு மணி நேரம் உலர்த்தி மீட்டுவிட்டார். மூடியைத் திறந்து உலர்த்தினார் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு நாள் கூப்பிட்டார். "அண்ணே, மாடி ஒழுகுகிறது. ஆனால் மழை நாளில் ஒழுகவில்லை. வெயிலடித்தால்தான் ஒழுகுகிறது" என்றார். நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தேன். மூன்று வாரமாக நல்ல மழை இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு, மின்விளக்குப் பெட்டியின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு.

மாடிமேல் ஏறினேன். நீர்க்காப்புப் படலம் அப்பளம் போல அங்கங்கே உப்பியிருந்தது. காலால் அழுத்தினால் அமுங்கி, பக்கத்தில் எழும்பியது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனால் எல்லாம் படிந்து கிடந்தது. அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. இது வானத்து நீரல்ல, உள்ளே பூட்டிவைத்த நீர்.

மாடி 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். நீர் வடிய அறுபதுக்கு ஒன்று சாய்வு வேண்டும். அதாவது நீளவாக்கில் 10 சென்டிமீட்டர் இறக்கம். தாழ்ந்த ஓரத்தில் 3, உயர்ந்த ஓரத்தில் 13, சராசரி 8 சென்டிமீட்டர் நிரப்பு. இதைச் சாதாரண சிமெண்டு மணலால் நிரப்பினால் நாலு டன் கனம். அதனால் வேலை எடுத்தவர் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு பெர்லைட் கலந்து போட்டிருக்கிறார். உலர்ந்தால் ஒரு டன்கூட வராது. எண்ணம் நல்ல எண்ணம்தான்.

ஆனால் பெர்லைட் நீரைக் குடிக்கும். குழைப்பதற்காக இன்னும் நீர் ஊற்றுவார்கள். நெடுநேரம் டிரம்மில் சுழற்றினால் குருணை நொறுங்கி, இன்னும் நீர் கேட்கும். சிமெண்டுப் பாலை முதலில் கரைத்து, பெர்லைட்டைக் கடைசியில் கொட்டி, இரண்டு மூன்று நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். கலவை சரியா என்று பார்க்க ஒரு பத்து லிட்டர் வாளி போதும். ஆறரை கிலோ சுமாராக நின்றால் சரி. ஒன்பது கிலோ காட்டினால் குருணை நொறுங்கிவிட்டது, அல்லது நீர் கூடிவிட்டது. இங்கே நான்காம் நாளே, அடுத்த மழை வருமுன் என்று அவசரப்பட்டு, மேலே படலத்தை ஒட்டிவிட்டார்கள். பொரி டின்னுக்குள் நீரை ஊற்றி மூடியது போல!

எவ்வளவு நீர் என்று அறிய, 10க்கு 10 சென்டிமீட்டர் சதுரத்தில், 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்தேன். எடை 640 கிராம். வீட்டு அடுப்பில், கேக் சுடும் அடுப்பில், 105 டிகிரியில் எடை இறங்குவது நிற்கும்வரை உலர்த்தினேன். என் வீட்டுக்காரி அந்த அடுப்பைத் தேய்த்துக் கழுவச் சொன்னது தனிக் கதை. உலர்ந்தபின் 380 கிராம். ஒரு துண்டில் 260 கிராம் நீர். ஒரு சதுர மீட்டரில் இப்படி நூறு துண்டு, அதாவது 26 கிலோ. மாடி முழுவதும் 24 சதுர மீட்டர். அறுநூறு லிட்டருக்கு மேல் நீர் நண்பர் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்தது.

வெயில் ஏறினால் உள்ளே ஆவி அழுத்தும். மேலே வழியில்லை. அதனால் தளத்தின் விரிசலிலும் மின்குழாயிலும் இறங்கியது. இன்னொன்று, காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது என்றேன் அல்லவா? காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால், நீர் அதைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். அறை குளிராததற்கு அதுவே காரணம். நமத்த பொரி மொறுமொறுக்குமா?

படலத்தில் காற்றுக்குழாய் வைத்து உலரவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மாதக்கணக்கில் ஆகும், அதுவும் சாயங்காலம் தோறும் இடிமழை கொட்டும் நம் ஊரில். எல்லாவற்றையும் பெயர்த்தோம். மேலே தற்காலிகக் கொட்டகை போட முடியாத இடத்தில் ஈரமாகக் குழைக்கும் பெர்லைட்டை நான் இப்போது சொல்வதே இல்லை.

பதிலுக்குக் களிமண் உருண்டை. பெரிய சுழல் சூளையில் சுமார் 1,200 டிகிரியில் சுடுகிறார்கள். ஓடு கெட்டி, உள்ளே தேன்கூடு. 10 முதல் 20 மில்லிமீட்டர் உருண்டைகளைச் சிமெண்டுப் பாலில் புரட்டினோம், பொரி உருண்டைக்குப் பாகு சேர்ப்பது போல, ஒட்டும் அளவுக்கு மட்டும். இடுக்குகள் திறந்திருக்கும், நீர் நிற்காமல் வடியும். வடிகுழாயில் தளத்து மட்டத்திலேயே துளையிட்டோம், உள்ளே புகுந்த நீரும் போக வேண்டும் அல்லவா? மேலே கம்பிவலையோடு 4 சென்டிமீட்டர் சிமெண்டுப் பூச்சு, அதற்குமேல் படலம்.

இதில் குறையும் உண்டு, மறைக்கமாட்டேன். உருண்டை சதுர மீட்டருக்கு 40 கிலோ, ஆனால் பூச்சு மட்டும் 84. மிச்சப்படுத்திய கனத்தில் பாதிக்கு மேல் பூச்சே தின்றுவிடுகிறது. பொறியாளர் கணக்குப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே போட்டோம். உலர்ந்த பெர்லைட்டைவிட வெப்பம் தடுப்பதிலும் உருண்டை சற்றுக் குறைவு. இருந்தாலும் நமக்கு இதுதான் பொருந்தும் என்பது என் பிடிவாதம்.

தம்பி கண்ணாடிக்குப் பின்னால் கையைக் காட்டுகிறார். குளியலறைத் தரையைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக, தளத்தைத் தாழ்த்திக் கட்டிய குளியலறையில் உடைகல்லுக்குப் பதில் இதே உருண்டையை நிரப்பலாம், அடியில் வடிகுழாய் இருந்தால் மட்டும். வெர்மிகுலைட் அப்ரகம் போல் தகடு தகடான கனிமம். சூட்டில் ஆர்மோனியத் துருத்தி போல விரியும். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து லிப்பி சுரங்கத்திலிருந்து வந்ததில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. 1990இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. பழைய கட்டடத்தின் கூரை இடுக்கில் பளபளக்கும் பொன்னிறத் தகடுகள் கிடந்தால் பெருக்காதீர்கள், கிளறாதீர்கள், சோதிக்க ஆள் வரும்வரை அந்த இடத்தை அடைத்து வையுங்கள்... சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.