தூள் மாதிரியில் ஜி மதிப்பு: அச்சு வகையா, ராம்பிக் வகையா?

நண்பர்களே, தூள் மாதிரியின் எலக்ட்ரான் பாரா காந்த ஒத்ததிர்வு நிறமாலை கையில் வந்ததும் பலரும் முகடுகளை எண்ணத் தொடங்குகிறார்கள். இரண்டு தெரிந்தால் அச்சுச் சமச்சீர், மூன்று தெரிந்தால் ராம்பிக் என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு முகடும் என்ன வடிவத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

இணையற்ற எலக்ட்ரான் எந்தக் காந்தப்புலத்தில் நுண்ணலையை உறிஞ்சும் என்பதை hν = gμB என்ற சமன்பாடு முடிவு செய்கிறது; இதில் μ என்பது போர் மேக்னட்டான். ஜி மதிப்பு குறைந்தால் ஒத்ததிர்வுப் புலம் கூடும். மூலக்கூறு புலத்துக்கு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அதைப் பொறுத்து ஜி மதிப்பு மாறும். தூளிலும் உறைந்த கரைசலிலும் எல்லாத் திசைகளும் கலந்து கிடக்கின்றன. எனவே நாம் காண்பது ஒரு கோடு அன்று, எண்ணற்ற கோடுகளின் கூட்டு.

ஒரு பூமி உருண்டையை எண்ணிக்கொள்ளுங்கள். அச்சுச் சமச்சீருள்ள மூலக்கூறில் புலம் துருவத்தை நோக்கும் திசைகள் மிகச் சில. நடுக்கோட்டை நோக்கும் திசைகள் ஏராளம். அதனால், அச்சு வழி மதிப்பு குறுக்கு மதிப்பைவிடப் பெரிது என்றால், அச்சு வழி மதிப்புக்குரிய புலத்தில் உறிஞ்சல் ஒரு சிறு படியாக மட்டும் எழுகிறது. குறுக்கு மதிப்புக்குரிய புலத்தில் உச்சத்துக்கு ஏறி, உடனே சரிந்து விழுகிறது. கருவி நமக்குக் காட்டுவது இதன் முதல் வகைக்கெழுவை. படியின் வகைக்கெழு ஒரு தனி மேடு. உச்சமும் சரிவும் ஒட்டியிருக்கும் இடம், மேலேறி அடிக்கோட்டைக் கடந்து கீழே பாயும் வளைவு.

ராம்பிக் மூலக்கூறில் மூன்று மதிப்புகளும் வேறு வேறு. இரு ஓரங்களிலும் துருவம் போன்ற ஒற்றைத் திசைதான் உண்டு, ஆகவே இரண்டு படிகள்: குறைந்த புலத்தில் ஏறும் படி, உயர்ந்த புலத்தில் இறங்கும் படி. வகைக்கெழுவில் ஒன்று மேடு, மற்றது பள்ளம். இடைப்பட்ட மதிப்பில் மட்டும் பல திசைகள் ஒரே புலத்தில் குவிகின்றன. அடிக்கோட்டைக் கடக்கும் வளைவு அங்கே வருகிறது. எனவே நான் தேடுவது அந்தப் பள்ளத்தை. அது நடு வளைவிலிருந்து விலகித் தனியே நின்றால் ராம்பிக். வளைவோடு ஒட்டி, அதன் கீழ்ப்பாதியாகவே இருந்தால் அச்சு வகை.

இரண்டு இரும்புக் கந்தகப் புரதங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் இரண்டு இரும்பணுக்கள் கொண்ட கொத்து, இரண்டும் ஒடுக்கப்பட்ட நிலை. பசலைக்கீரையின் ஃபெர்ரிடாக்சினுக்கு ஜி மதிப்புகள் ஏறக்குறைய 2.05, 1.96, 1.89. நுண்ணலை 9.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் மேடு 331 மில்லிடெஸ்லாவிலும், நடு வளைவு 346 இலும், பள்ளம் 359 இலும் விழும். இடைவெளி தாராளம், குழப்பமே இல்லை. அட்ரினோடாக்சினிலோ 2.02 இல், அதாவது 336 மில்லிடெஸ்லாவில், ஒரு மேடு, 1.94 ஐ ஒட்டி, 350 இல், ஒரே பெரிய வளைவு. அச்சு வகை என்று சொல்லத் தோன்றும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். குறுக்கு மதிப்பு உண்மையில் 1.945, 1.935 என்று இரண்டாகப் பிளந்திருந்தால் என்ன ஆகும்? 9.5 கிகாஹெர்ட்ஸில் அவற்றின் இடைவெளி 1.8 மில்லிடெஸ்லாதான். கோட்டின் அகலம் 3 மில்லிடெஸ்லா என்றால் பிளவு அதற்குள் மறைந்துபோகும். வளைவு சற்றுப் பருத்திருக்கும், அவ்வளவே. புலப் பண்பேற்றத்தை அளவுக்கு மீறி வைத்தாலும் இதே விளைவுதான். அதை முதலில் குறைத்துப் பாருங்கள்.

அடுத்து 35 கிகாஹெர்ட்ஸுக்குப் போகலாம். இடைவெளி 6.6 மில்லிடெஸ்லாவாக விரியும், பள்ளம் பிரிந்து வெளிவரும். ஆனால் அகலம் மாறாமல் இருந்தால்தான் இந்தப் பயன். மூலக்கூறுக்கு மூலக்கூறு ஜி மதிப்பே சிறிது வேறுபடுவதால் வந்த அகலம் என்றால், அதுவும் அதே விகிதத்தில் 11 வரை பெருகும். நாம் நின்ற இடத்திலேயே நிற்போம். அப்போது ‘அச்சு வகை’ என்று அறுதியிட்டு எழுதுவது தவறு. பிளவு இன்ன அளவுக்கு மேல் இல்லை என்று, நிறமாலையைக் கணினியில் ஒப்புருவாக்கிப் பெற்ற வரம்பை எழுதுவதே நேர்மை.

மூன்று முகடுகள் தனித்தனியே தெரிந்தாலும் ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. இரண்டு அச்சு வகைச் சேர்மங்கள் கலந்திருந்தாலும் ராம்பிக் போன்ற தோற்றம் வரலாம். வெப்பநிலையையும் நுண்ணலைத் திறனையும் மாற்றி மாற்றிப் பதிவு செய்யுங்கள். ஒரே சேர்மத்தின் முகடுகள் பெரும்பாலும் ஒன்றாகவே வளர்ந்து ஒன்றாகவே தேயும். ஒன்று மட்டும் முந்திக்கொண்டு தெவிட்டினால், அது வேறு சேர்மத்தைச் சேர்ந்ததா என்று சந்தேகிக்க வேண்டும்.