சந்திப்பு கேட்கும் மடலுக்குப் பொருள் வரி
(கரூரில் சிறு ஜவுளி உற்பத்தியாளர்கள் கூட்டத்தில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து ஓடியாடி இந்தக் கூட்டத்தை நடத்தித் தரும் சங்கச் செயலாளர் அவர்களே, கல்லூரி வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு மாணவிகளையும் அழைத்து வந்திருக்கும் முதல்வர் அம்மா அவர்களே, மேடைக்கு வரமாட்டேன் என்று கீழேயே முதல் வரிசையில் அமர்ந்துவிட்ட மூத்த நெசவாளர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் வங்கிக் கடனைப் பற்றி அத்தனை தெளிவாகப் பேசிய மேலாளர் அவர்களே, தறிக்கு இன்று விடுமுறை விட்டு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் முதல் சந்திப்பு கேட்டு மெயில் அனுப்புகிறோம். அதில் சப்ஜெக்ட் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அந்தப் பொருள் வரியைப் பற்றித்தான் பேச வந்தேன். இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். பொருள் வரியை எப்படி எழுதுவது, பதில் வராவிட்டால் என்ன செய்வது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மெயிலைப் பொறுத்தவரை அந்த ஒரு சோறு பொருள் வரிதான். பிரித்துப் படிப்பதா வேண்டாமா என்று எதிரில் இருப்பவர் அதை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் மேசை விரிப்பும் நாப்கினும் செய்கிறார். அருமையான சரக்கு. ஒரு பெரிய ஓட்டலின் கொள்முதல் மேலாளரைப் பார்த்து மாதிரி காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த அம்மா நன்றாகத் தமிழ் படிக்கிறவர். தம்பி பணிவாக எழுதினார். பொருள் வரி இது: "பெருமதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, கரூர் மாவட்டத்தில் மூன்று தலைமுறையாக நெசவுத் தொழில் செய்துவரும் எங்கள் நிறுவனத்தின் சார்பில் தங்களை நேரில் சந்திக்க நேரம் ஒதுக்கித் தருமாறு வேண்டுதல் தொடர்பாக."

இதில் பிழை என்று எதையும் சொல்ல முடியாது. மனு எழுத நமக்குப் பள்ளியில் இப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்கள்? ஆனால் அந்த அம்மாவின் கைப்பேசியில் என்ன தெரிந்திருக்கும்? "பெருமதிப்பிற்குரிய அம்மா அவர்க…" அவ்வளவுதான். தமிழில் வினை கடைசியில் வருகிறது. "சந்திக்க நேரம்" என்பது வரியின் வால்பக்கம் போய்விட்டது. காகிதத்தில் அதனால் தொல்லை இல்லை, முழு வரியும் கண்ணில் படும். கைப்பேசிப் பட்டியலிலோ தமிழ் எழுத்து இடத்தை அடைத்துக்கொள்ளும். மூன்று நான்கு சொல்லுக்கு மேல் பல திரைகளில் தெரியாது.

பதில் வரவில்லை. அடுத்து "அவசரம்" என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டு அனுப்பினார். அவசரம் யாருக்கு? தம்பிக்கு. அந்த அம்மாவுக்கு என்ன அவசரம்? அதற்கும் பதில் இல்லை. அப்புறம் யாரோ ஒரு நண்பர் யோசனை சொல்லியிருக்கிறார். பொருள் வரியின் முன்னால் "Re:" என்று தானே தட்டச்சு செய்து, "Re: நமது சந்திப்பு" என்று அனுப்பிவிட்டார். ஏற்கெனவே கடிதப் போக்குவரத்து நடந்ததுபோல் தோன்றும், திறப்பார்கள் என்பது கணக்கு. கணக்கு பலித்தது, திறந்தார். பழைய மடல் எங்கே என்று கீழே தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஸ்பேம் என்று அழுத்திவிட்டார். அதன் பிறகு தம்பி அனுப்பிய நல்ல மடல்களும் ஸ்பேம் பெட்டிக்கே போயின.

பிறகு ஒரு கண்காட்சியில் அந்த அம்மாவை நேரிலேயே பார்த்திருக்கிறார். அவர் சொன்னாராம்: "தம்பி, உங்க துணி நல்லாத்தான் இருக்கு. ஆனா நடக்காத பேச்சை நடந்த மாதிரி எழுதினா, நாளைக்கு நீங்க சொல்ற நூல் கணக்கை நான் எப்படி நம்புவேன்?" ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்த அம்மா பதம் பார்த்தது சரக்கை அல்ல, அந்த இரண்டு எழுத்தை.

சரி, இன்னொரு ஓட்டலுக்கு எழுதும்போது நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய வரி இது:

"சந்திப்பு 20 நிமிடம், ஜூன் 12 / 13: மேசை விரிப்பு மாதிரிகள்"

என்ன வேண்டும் என்பது முதல் சொல்லிலேயே வந்துவிட்டது. திரை எங்கே வெட்டினாலும் அது தப்பிவிடும். 20 நிமிடம் என்று பார்த்தவுடன், இது அரை நாளை விழுங்காது என்று அவருக்குத் தெரிகிறது. இரண்டு தேதி ஏன்? "தங்களுக்கு வசதியான நேரத்தில்" என்று எழுதுவது மரியாதைதான், ஆனால் நாட்காட்டியைப் புரட்டி நாள் கண்டுபிடிக்கும் வேலையை அவர் தலையில் வைக்கிறது. இரண்டைக் கொடுத்தால் ஒன்றைத் தொட்டுச் சொன்னால் போதும். கடைசியில் எதற்காக என்பது. மடலை உதவியாளர் பார்த்தாலும், இது யாருடைய மேசைக்குப் போக வேண்டும் என்று அவருக்குப் புரிய வேண்டுமல்லவா? நிறுவனத்தின் பெயர் இந்த வரியில் இல்லை, கவனியுங்கள். அது அனுப்புநர் பெயராகப் பக்கத்திலேயே தெரிகிறது. அந்த இடத்தில் பழைய செல்லப்பெயர் ஏதும் கிடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அன்று மாலையே பதில் வந்தது: "13, காலை 11. மாதிரிகளோடு வாருங்கள்."

அனுப்பும் முன் அதே மடலை உங்கள் வீட்டில் வேறொருவர் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். திறக்கக் கூடாது, பட்டியலில் மட்டும் பாருங்கள். வெட்டுப்பட்ட பகுதியை அவர்களிடம் காட்டி, "நான் என்ன கேட்கிறேன்?" என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் வரியை மாற்றுங்கள்.

இரண்டாவது செய்தி, பதில் வராவிட்டால். நான்கைந்து வேலை நாள் பொறுத்து, அனுப்பிய மடலையே திறந்து அதற்குப் பதிலாக எழுதுங்கள். பொருள் வரியில் கை வைக்காதீர்கள்; மாற்றினால் ஜிமெயிலில் அது தனி மடலாகப் பிரிந்துவிடும், முன்பு எழுதியது அவர் கண்ணில் படாது. இப்படி வருகிற "Re:" நேர்மையானது, கீழே பழைய மடல் இருக்கிறது. ஆனால் கொடுத்த தேதிகள் கடந்துவிட்டால் அந்த வரி செத்துப்போனது. புதுத் தேதியோடு புது மடலாக அனுப்புங்கள்.

இங்கே எனக்கு நெஞ்சில் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். முதல்வர் அம்மா மன்னிக்க வேண்டும், செயலாளரும் கடிகாரத்தைப் பார்க்கிறார். தமிழ் படிக்கிறவருக்குத் தமிழிலேயே மெயில் எழுதுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் ஒரே எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் கட்டம் கட்டமாக வரும். யூனிகோடு வந்த பிறகு அந்தச் சாக்கு போய்விட்டது. இன்றைய கைப்பேசியில் தமிழ்ப் பொருள் வரி ஒழுங்காகவே தெரிகிறது. பிறகு ஏன் நம் பிள்ளைகள் தெரியாத ஆங்கிலத்தில் இரண்டு சொல்லைப் போட்டுத் தடுமாறுகிறார்கள்? தமிழில் எழுதப் பழக்கவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மனுவுக்குப் பழக்குகிறோம், "தொடர்பாக" என்று முடிக்கவும் பழக்குகிறோம். கேட்பதை முன்னால் வைக்க யார் பழக்கினார்கள்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று தெரிந்த நாமே அந்த ஒரு சோற்றை வேகாமல் அனுப்பலாமா? மாவட்டத்தின் எல்லாக் கல்லூரிகளிலும் தமிழ் வகுப்பின் கடிதப் பயிற்சியில் மின்னஞ்சல் சேர வேண்டும். முதல் சந்திப்பு கேட்கும் மடல் அதில் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

அதற்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்திட்டுப் போங்கள். கல்லூரி முதல்வர்களுக்கு அதை மெயிலில்தான் அனுப்புகிறோம். பொருள் வரி: "சந்திப்பு 15 நிமிடம், ஜூலை 8 / 9: தமிழ் வகுப்பில் மின்னஞ்சல் பயிற்சி." நன்றி, வணக்கம்.