கோன் கேன் பெரியம்மாவின் லாப்

நேயர்களுக்கு வணக்கம். தாய்லாந்தின் வடகிழக்கே, ஈசான் பகுதியில் கோன் கேன் என்றொரு ஊர். வேலை நிமித்தமாக அங்கே கொஞ்ச காலம் இருந்தேன். கூட வேலை பார்த்தவர் ஒருநாள் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சமைத்தது அவருடைய 'பா'. தாய் மொழியில் 'பா' என்றால் பெரியம்மா. எனக்கும் அவர் 'பா'தான்.

பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்தோம். மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு, நடுவில் லாப். கொத்திய இறைச்சியில் எலுமிச்சைச் சாறு, மீன் சாறு, மிளகாய்த்தூள், புதினா எல்லாம் போட்டுப் பிசைந்தது. சோற்றைக் கையால் கிள்ளி உருட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டும். அது நமக்குப் புதிதா என்ன? முதல் வாய் உள்ளே போனதுமே பெரியம்மா கேட்டார்: "அரொய் மய்?" ருசியா இருக்கா?

நான் பெருமையாக, "அரொய் தீ க்ரப்" என்றேன். 'அரொய்' ருசி, 'தீ' நல்லது. இரண்டையும் சேர்த்தால் பாராட்டு இரட்டிப்பாகும் என்று என் கணக்கு. அவர் லேசாகச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பின்னால் நண்பர்தான் விளக்கினார். அந்த 'தீ' பாராட்டை ஏற்றாது, கொஞ்சம் இறக்கிவிடும். நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு "ம், நல்லாத்தான் இருக்கு" என்றால் சமைத்தவர் முகம் எப்படிப் போகும்? அதே கதை. 'அரொய் மாக்' என்று சொல்லியிருக்க வேண்டும். 'மாக்' என்றால் ரொம்ப. 'அரொய்'யின் இரண்டு அசையையும் குரலைத் தாழ்த்தியே சொல்ல வேண்டும். நாம் உற்சாகத்தில் கடைசியில் குரலை உயர்த்திவிடுகிறோம். முடிவில் மரியாதைக்கு ஆண்கள் 'க்ரப்' என்பார்கள், பெண்கள் 'கா' என்பார்கள்.

ஈசான் வீட்டில் இதைவிட நெருக்கமான சொல் 'ஸேப்'. அந்த மண்ணின் பேச்சில் ருசிக்கு அதுதான் பெயர். "ஸேப் லாய்" என்றால் ரொம்ப ருசி. பாங்காக் பக்கம் இதே சொல்லைக் காரசாரமான சாப்பாட்டுக்குச் சொல்வார்கள். அடுத்த முறை நான் "ஸேப் லாய்" என்றதும் பெரியம்மா அடுப்பங்கரையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்.

ஆனால் அவரை உண்மையில் குளிர வைத்தது வேறு. லாப்பில் கடைசியாக ஒரு பொடி சேர்ப்பார்கள். ஒட்டரிசியை வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து இடித்த பொடி, பெயர் 'காவ் குவா'. கடையில் வாங்கிய பழைய பொடிக்கு மணம் இருக்காது. பெரியம்மா அன்றைக்கே வறுத்திருந்தார். "காவ் குவா ஹோம் மாக்" என்றேன். 'ஹோம்' என்றால் மணக்கிறது. மொத்தச் சாப்பாட்டையும் புகழ்வதைவிட, அவர் மெனக்கெட்ட அந்த ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னால் முகமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொரு சொல் 'ரொத் மூ'. 'ரொத்' நம் ரசம், ரசனைக்கு மூலமான அதே வடசொல். எழுத்தில் 'ஸ்' இருக்கும், ஒலிப்பது 'த்'. 'மூ' என்றால் கை. கையின் ருசி, அதாவது நம் கைப்பக்குவம்! இந்த 'மூ'வை உதடு குவிக்காமல் சொல்ல வேண்டும். 'அது' என்று பேச்சில் சொல்லும்போது கடைசி உகரம் எப்படி வருகிறதோ, அதை நீட்டினால் சரி. உதட்டைக் குவித்து, குரலையும் கீழிருந்து மேலே ஏற்றினீர்களோ, 'மூ' பன்றி ஆகிவிடும்.

இனி வயிறு நிறைந்த கதை. "இம் ரூ யங்?" என்று கேட்பார்கள். வயிறு நிறைந்ததா, இன்னும் இல்லையா? நான் 'யங்' மட்டும் காதில் விழுந்து, தலையாட்டி "யங், யங்" என்றேன். அதற்கு 'இன்னும் இல்லை' என்று பொருள். மறுபடியும் ஒரு கூடை சோறு வந்தது. சொல்ல வேண்டியது "இம் லேவ் க்ரப்", வயிறு நிறைந்துவிட்டது. வெறுமனே 'மய் அவ்', வேண்டாம் என்றால் வெடுக்கென்று இருக்கும். முதலில் "அரொய் மாக்", அப்புறம் "இம் லேவ்", அதற்கும் விடாவிட்டால் "கின் மய் வய் லேவ்", இனிமேல் சாப்பிட முடியாது. இந்த வரிசையில் சொன்னால் யாரும் மனம் கோணுவதில்லை. நன்கு பழகிய வீடென்றால் "இம் ஜொன் புங் காங்" என்று வயிற்றைத் தடவிக் காட்டலாம்; தொந்தி புடைக்கிற அளவுக்கு நிறைந்தது என்று அர்த்தம்.

அன்று மூன்றையும் சொல்லிப் பார்த்தேன். பெரியம்மா சிரித்து, சரி சரி என்று தலையாட்டினார். நான் செருப்பு மாட்டும்போது பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் கொடுத்தார். வாயை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே மிச்ச லாப், தனியாகச் சுருட்டிய சின்னப் பையில் காவ் குவா.