தோள்பட்டை முடிச்சும் ஊசியும்

வணக்கம். ரேடியோ கேட்டுக்கொண்டே ஒரு காரியம் செய்யுங்கள். வலது கையால் இடது தோளின் மேல்பக்கம், கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவில் இருக்கும் சதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடித்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். வண்டி ஓட்டுகிறவராக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், இப்போது வேண்டாம். பலருக்கு அங்கே கயிறு மாதிரி ஓர் இறுக்கம் தட்டுப்படும். அதில் ஓரிடத்தை அழுத்தினால் சுருக்கென்று வலிக்கும். நாம் முடிச்சு என்று சொல்வது அதைத்தான். நான் பிசியோதெரபிஸ்ட். இந்த ஒரு சதையை வைத்துக்கொண்டே இன்று பேசப்போகிறேன், ஏனென்றால் ஊசி, தோலில் கப்பைக் கவிழ்த்து உறிஞ்சவைக்கும் கப்பிங் என்று கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வலி இங்கேதான்.

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் ஒரு அம்மா வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. தோள் வலி மாலையானால் கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, காதுக்குப் பின்னால் போய், நெற்றிப்பொட்டில் வந்து நிற்கும். ஒற்றைத் தலைவலி என்று நினைத்து வருஷக்கணக்காக மாத்திரை போட்டிருக்கிறார். அந்த முடிச்சை அழுத்தியதும், "இதுதாங்க, இந்தத் தலைவலிதான்" என்றார். இந்தத் தோள்சதைக்கு அந்தக் குணம் உண்டு: வலி பிறப்பது ஓரிடம், தெரிவது வேறிடம். அழுத்தும்போது வழக்கமாக வருகிற அதே வலி வந்தால்தான் ஊசியைப் பற்றியே யோசிக்கலாம். வரவில்லையென்றால் வலிக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

அவருக்கு நான் செய்தது ட்ரை நீட்லிங். மருந்து எதுவும் ஏற்றாத வெறும் ஊசி. தடிமன் கால் மில்லிமீட்டர் அளவு, இரத்தம் எடுக்கும் ஊசியைவிட ரொம்ப மெல்லியது. முடிச்சில் சரியாகப் பட்டால் சதை ஒரு முறை தானாகத் துடிக்கும், ஒரு நொடிகூட இருக்காது. அக்குபங்சரிலும் ஊசி இதேதான், ஆனால் அங்கே ஊசி போகும் இடத்தைச் சீன மருத்துவத்தின் புள்ளிகள் தீர்மானிக்கின்றன, அப்புறம் பல ஊசிகளைக் குத்தி இருபது முப்பது நிமிஷம் அப்படியே விட்டுவிடுவார்கள். ட்ரை நீட்லிங் வேறு வழியில் வந்தது. முடிச்சுகளில் மரத்துப்போகும் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், செக் மருத்துவர் காரெல் லெவிட் 1979ல் ஒரு கட்டுரை எழுதினார். மருந்தே இல்லாமல் ஊசி மட்டும் குத்தினாலும் வலி குறைகிறது என்பதுதான் அதில் அவர் சொன்னது.

எவ்வளவு குறையும்? அந்த அம்மாவுக்கு அன்று சாயங்காலம் வலி கூடியது. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பயந்துபோவார்கள். குத்திய இடம் ஒன்றிரண்டு நாள், சிலருக்கு மூன்று நாள், ஓடி விளையாடிய மறுநாள் சதை வலிப்பது போல வலிக்கும். மூன்றாம் நாள் கழுத்தைத் திருப்ப முடிந்தது. பத்துக்கு ஏழு என்று சொன்ன வலியை நான்கு என்றார். ஒரு வாரம் கழித்து மறுபடி ஏறத் தொடங்கியது. ஊசியின் உதவி பெரும்பாலும் இவ்வளவுதான்: சில நாள், சில வாரம் வலி தணியும். அந்த இடைவெளியில் தோளுக்குப் பலம் சேர்க்கும் பயிற்சியைத் தொடங்கினோம். நாற்காலியை உயர்த்தச் சொன்னேன், ஏனென்றால் தாழ்வான நாற்காலியில் நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடியே தைத்துக்கொண்டிருந்தார். முடிச்சு மறுபடி வருவதற்குக் காரணம் அந்த நாற்காலி. அதை மாற்றாமல் வாராவாரம் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் காசுதான் போகும். மூன்று நான்கு தடவையில் மாற்றம் எதுவும் தெரியவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

அக்குபங்சர் பற்றி ஜெர்மனியில் ஒரு பெரிய சோதனை நடந்தது, முடிவு 2007ல் வெளிவந்தது. நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் ஆயிரத்துக்கும் மேல், மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு முறைப்படி அக்குபங்சர். இன்னொன்றுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவதற்கு வழக்கமான மாத்திரையும் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 48 பேருக்குக் குணம் தெரிந்தது, போலி ஊசியில் 44, மூன்றாம் பிரிவில் 27. ஊசி போட்டவர்களுக்கு நிஜமாகவே பலன் இருந்தது, ஆனால் எந்தப் புள்ளி என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. அதனால் ரகசியப் புள்ளி தெரியும், அதற்குத் தனிக் கட்டணம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி, நான் எங்கே போனாலும் சொல்கிற விஷயம். முதலில் பிடித்தீர்களே, அந்தச் சதைக்குக் கீழே நுரையீரல் இருக்கிறது. நெஞ்சுக்குள்தான் நுரையீரல் என்று நினைக்கிறோம், அதன் உச்சி காறை எலும்புக்கும் மேலே வந்து நிற்கிறது. தோள்மேல் நேராகக் கீழே இறக்கும் ஊசி அதைத் தொட்டுவிடலாம். அதனால்தான் சதையை விரல்களால் நன்றாகத் தூக்கிப் பிடித்து, அந்தப் பிடிக்குள்ளேயே முன்னும் பின்னுமாகக் குத்துகிறோம். உங்களுக்கு ஊசி போடுகிறவர் தூக்கிப் பிடிக்காமல் நேராக இறக்கப் பார்த்தால் தடுத்துவிடுங்கள், மரியாதைக்காகச் சும்மா இருக்காதீர்கள். நுரையீரலில் பட்டது உடனே தெரியாமலும் போகலாம். சில மணி நேரம் கழித்து, வீட்டுக்கு வந்த பிறகு, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தும், வறட்டு இருமல் வரும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஊசி போட்ட வலிதானே என்று படுத்துவிடக் கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், தோளில் ஊசி போட்டேன் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் எக்ஸ்ரே எடுக்கத் தோன்றும். அபூர்வம்தான், ஆனால் இது நடக்கிற விஷயம்.

ஊசி வேண்டாம் என்று யாரைத் திருப்பி அனுப்புவேன்? இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இரத்தத் தட்டுக்கள் குறைந்தவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் வரக்கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து கை வீங்கியிருந்தால் அந்தக் கையில் குத்தக்கூடாது. செயற்கை வால்வு வைத்தவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் கரண்ட் வைக்கும் முறை வேண்டாம். ஊசியைப் பார்த்தால் மயங்குகிறவர்களுக்குப் படுக்கவைத்துத்தான் போட வேண்டும். அப்புறம், நடந்தால் வந்து நின்றால் போகிற இடது தோள் வலியோடு இங்கே வராதீர்கள், இதய டாக்டரிடம் போங்கள்.

கப்பிங்குக்கு நிறைய வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் பார்த்த வட்டங்கள் கெட்ட இரத்தம் இல்லை, உறிஞ்சும்போது சிறு இரத்தக் குழாய்கள் உடைந்து வரும் கன்றல். கறுப்பாக வந்தால் நோய் அதிகம் என்பதும் உண்மை இல்லை. இறுக்கம் சில நாள் தளரும், ஊசியைவிட அதற்கான ஆதாரம் குறைவு. நெருப்பு வைக்கும் கப்பில் தோல் வெந்துபோவது உண்டு, பம்ப் கப்பில் அந்தப் பயம் இல்லை. சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கிய இடத்தில் வைக்க வேண்டாம். தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் ஹிஜாமாவை இரத்தசோகை உள்ளவர்களும், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களும் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் பிளேடும் கப்பும் புதிதாக, உங்கள் கண் முன்னால் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள், ஹெபடைடிஸ் பி அந்த வழியாகப் பரவும். பழைய வட்டம் முழுக்க மறைய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதற்குள் அதே இடத்தில் மறுபடி வைக்க விடாதீர்கள். நன்றி, வணக்கம்.