சளிக்கு 4000 மில்லிகிராம் விட்டமின் சி? இந்த டியூப்பைப் பாருங்க மக்களே!

வணக்கம் மக்களே! அல்சூர்ல இன்னிக்கும் மழை, பின்னாடி சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. இன்னிக்குப் பிரியாணி வீடியோ போடறதா சொல்லியிருந்தேன், அதைத் தள்ளி வெச்சிட்டேன். காரணம் இதோ, இந்த டியூப். தண்ணியில போட்டா புஸ்ஸுன்னு நுரைக்கிற மாத்திரை. 20 மாத்திரை, 380 ரூபா. ஒண்ணுக்கு 19 ரூபாங்க! பில்லு இருக்கு, பாருங்க. நான் பில் இல்லாம கடையை விட்டு இறங்க மாட்டேன்னு உங்களுக்கே தெரியும். ஆனா இது நான் வாங்கினது இல்ல, எங்க சித்தப்பா பையன் வாங்கினது.

தம்பிக்குச் சளி. கடைக்காரர், "காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு போடுங்க, மூணே நாள்ல ஓடிடும்"னாராம். ஒரு மாத்திரை 1000 மில்லிகிராம், அப்போ ஒரு நாளைக்கு 4000. நம்ம இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐசிஎம்ஆர் கணக்குல ஆம்பளைக்கு ஒரு நாளைக்குத் தேவை 80 தான். 76 ரூபா செலவு பண்ணி சளி போகல, வயிறுதான் போச்சு. "அக்கா, பாத்ரூமை விட்டு வெளியவே வர முடியல"ன்னு போன் பண்றான். எனக்கு வந்த கோவம் இருக்கே!

ஏன் அப்படி ஆச்சுன்னா, குடல்ல விட்டமின் சி-யை உள்ள ஏத்துறதுக்குன்னு ஒரு புரதம் இருக்கு. அது ஒரு அளவுக்குத்தான் ஏத்தும். ஒரே தடவையில 1000-க்கு மேல போனா, பாதிகூட உள்ள போறதில்ல. மிச்சம் குடல்லயே தங்கி தண்ணியை இழுக்கும், அதான் வயித்து வலி, பேதி. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 2000-ஐத் தாண்டாதீங்கன்னு அமெரிக்காவுல உச்ச வரம்பு வெச்சதே இந்தப் பேதியை வெச்சுத்தான். தம்பி மாத்திரையை நிறுத்தி ஓஆர்எஸ் குடிச்சான், சரியாயிடுச்சு.

சரி, சளிக்காவது கேக்குமா? 1970-ல லைனஸ் பாலிங், ரெண்டு நோபல் வாங்கினவர், இதைப் பெருசா கிளப்பிவிட்டார். அப்புறம் எத்தனையோ பேர் சோதிச்சுப் பாத்தாங்க. 2013-ல காக்ரேன் குழு அதையெல்லாம் சேத்துப் பாத்தாங்க. தினமும் முன்கூட்டியே 200-க்கு மேல எடுத்துட்டு வந்தவங்களுக்கும் சளி வர்றது குறையல. வந்த சளி மட்டும் பெரியவங்களுக்குச் சுமார் 8 சதவீதம் சீக்கிரம் போச்சு. ஏழு நாள் சளின்னா அரை நாள் மிச்சம், அவ்ளோதான்! அதுவும் சளி வர்றதுக்கு முன்னாடியிருந்தே தினமும் முழுங்கினவங்களுக்கு. மூக்கு ஒழுக ஆரம்பிச்ச பிறகு தொடங்கினவங்களுக்கு உறுதியா ஒரு பலனும் தெரியல. தம்பி பண்ணது அதைத்தான். மராத்தான் ஓடுறவங்க, கடுங்குளிர்ல பயிற்சி எடுக்கிற ராணுவ வீரர்கள், இவங்களுக்கு மட்டும் சளி வர்ற வாய்ப்பு பாதியா குறைஞ்சிருக்கு. எங்க தம்பி லிஃப்ட்லதான் போறான்.

இப்போ கிட்னி விஷயம், இதான் எனக்குப் பெரிய பயம். உள்ள போன விட்டமின் சி-ல ஒரு பகுதி ஆக்ஸலேட்டா மாறி யூரின்ல வரும். அது கால்சியத்தோட சேந்தா கல். பெரும்பாலான கல்லு இந்த வகைதான். ஸ்வீடன்ல 23,000-க்கும் மேல ஆம்பளைங்களைப் பதினொரு வருஷம் கவனிச்சதுல, 1000 மாதிரி பெரிய மாத்திரை எடுத்தவங்களுக்குக் கல் வர்றது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. மாத்திரைதான் காரணம்னு அந்த ஆய்வு அடிச்சுச் சொல்லிடாது, ஆனா எங்க சித்தப்பாவுக்கு ஏற்கெனவே கல் வந்திருக்கு, அவர் அந்த டியூப்பைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். விலாவுல ஆரம்பிச்சு இடுப்புக்குக் கீழ இறங்குற வலி, வாந்தி, யூரின்ல ரத்தம் வந்தா டாக்டர்கிட்ட போங்க. கூடவே காய்ச்சலும் குளிரும் இருந்தா அன்னிக்கே போங்க.

கொய்யா சாப்பிடுங்கப்பா! 100 கிராம்ல 200 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. எனக்கு உப்பு மிளகாப்பொடி தொட்டுக்கிட்டா சொர்க்கம். சளிக்குன்னு சொல்லல, அன்றாடத் தேவைக்கே அது தாராளம்.

ஆங், டியூப்ல ஒண்ணு விட்டுட்டேன். இந்த நுரை வர்றதே சோடா உப்பாலதான், அதனால சோடியம் இருக்கு. பிபி இருக்கவங்க லேபிளைப் படிங்க.

இன்னொண்ணு, இதை முதல்லயே சொல்லியிருக்கணும்! யூரின் டெஸ்ட்ல ஒரு பட்டையை முக்கிப் பாப்பாங்கல்ல? விட்டமின் சி நிறைய இருந்தா, யூரின்ல ரத்தமோ சர்க்கரையோ இருந்தாலும் அந்தப் பட்டை இல்லைன்னு காட்டிடலாம். கல் வலின்னு போய், ரிப்போர்ட் சரியா இருக்குன்னு திரும்பி வந்துடுவீங்க. அதனால லேபுக்குப் போறப்ப இந்த மாத்திரை போடுறேன்னு முதல்லயே சொல்லிடுங்க. பிரியாணி அடுத்த வீடியோல, பை மக்களே!